பின்தங்கிய கேமரா

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ரொம்ப நாள் இதை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். "இளங்கோவன்கிட்ட போகணும்னா கையில ஆதாரத்தோட போ" என்று ஆபீஸில் சொல்வார்கள். அது எனக்கான மரியாதை என்று நினைத்தேன். இல்லை. என்னிடம் வரவே வேண்டாம் என்பதை அவர்கள் நாசூக்காகச் சொல்லியிருக்கிறார்கள், எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை.

பெங்களூர் தொம்மலூரில் ஒரு பேக்கரிக்கு மேல் இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தம் ஒன்பது பேர். நாங்கள் செய்தது மொபைல் கேம். 'மாடி ஓட்டம்' என்று பெயர். ஒரு பெண் முதுகில் மூட்டையோடு சிவாஜிநகர் மொட்டைமாடிகளில் இடமிருந்து வலமாக ஓடுவாள், தாவுவாள், துணிக்கொடிகளுக்கு அடியில் சறுக்குவாள். அவளுக்கு ராணி என்று பெயர் வைத்திருந்தோம். ஒரு பட்டனை அழுத்தினால் திடீரென்று பாய்ச்சல் எடுப்பாள். அந்தப் பாய்ச்சலுக்காகத்தான் ஜனங்கள் விளையாடப்போகிறார்கள் என்று எங்கள் முதலாளி சுனில் நம்பினார்.

அந்த ராணியைப் பின்தொடர்கிற கேமரா என் வேலை. கேமரா என்றால் நிஜக் கேமரா இல்லை. அந்தப் பெரிய மாடி உலகத்தில் எந்தத் துண்டைத் திரையில் காட்டுவது என்று முடிவு செய்கிற நாலைந்து வரி நிரல். ராணியோடு அப்படியே ஒட்டிக்கொண்டு நகர்ந்தால் பார்ப்பதற்கு விறைப்பாக இருக்கும். அதனால் கொஞ்சம் மெதுவாக, வழுக்கிக்கொண்டு போய் அவளை எட்டுகிற மாதிரி எழுதியிருந்தேன். ஊரிலிருந்து வந்த என் தம்பியிடம்கூட அதைப் போட்டுக் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

எங்களிடம் இரண்டு டெஸ்டர்கள் இருந்தார்கள். விளையாடிப் பார்த்துக் குறை கண்டுபிடித்து எழுதுவது அவர்கள் வேலை. ஒருவன் ரயான், காலேஜ் முடித்த கையோடு வந்தவன். இன்னொருவர் பெர்னதெத். எல்லோருக்கும் பெர்னா அக்கா. முப்பத்தெட்டு வயது, மூன்று தலைமுறையாக சிவாஜிநகர். எங்களிடம் வருவதற்கு முன்னால் ஒன்பது வருஷம் பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில், நகர்ந்து வரும் சர்க்யூட் பலகைகளை லென்ஸ் வழியாகப் பார்த்து, ஈயப் பற்று சரியில்லாததைத் தூக்கி ஒதுக்குகிற வேலை செய்தவர். மாலையில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்து, கெஞ்சிக் கூத்தாடி எங்கள் ஆபீஸில் நுழைந்தார். "உக்காந்து செய்யுற வேலைப்பா இது. ஒன்பது வருஷம் நின்னுட்டேன்" என்று முதல் நாள் நாற்காலியைத் தடவிப் பார்த்துச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அந்த நாற்காலியைத்தான் நான் பிடுங்கினேன்.

முதல் புகார் ஒரு திங்கட்கிழமை வந்தது. அப்படியே சொல்கிறேன், இப்போது மனப்பாடம். 'ராணி பாயும்போது கேமரா பின்தங்குகிறது. அவள் திரையின் வலது ஓரத்துக்குப் போய்விடுகிறாள். முன்னால் வரும் பள்ளம் தெரியவில்லை, விழுகிறாள். என் சொந்த போனில், பத்து நிமிஷம் விளையாடிய பிறகு. தவிர, எல்லா போன்களிலும் ஓடும்போது ராணி லேசாக நடுங்குகிறாள்.'

நான் முதல் வரியைப் படித்தேன். என் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. ஆபீஸ் போன் ஒன்றை எடுத்து இரண்டு நிமிஷம் விளையாடினேன். ஒன்றுமில்லை. எழுந்து நின்று கேட்டேன்.

"பெர்னா அக்கா, எங்க வெச்சு டெஸ்ட் பண்ணீங்க?"

"பஸ்லப்பா. வர்ற வழியில. ஜன்னல் பக்கம் உக்காந்துகினு."

"பஸ் ஆடுதுக்கா. கேமரா ஆடல."

ஆபீஸே சிரித்தது. பெர்னா அக்காவும் சிரித்தார். "ஐயே, போப்பா. பஸ் ஆடுனா போன் ஆடும். போனுக்குள்ள இருக்குறவ மட்டும் எப்படி ஓரத்துக்குப் போவா?" என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் நான் உட்கார்ந்துவிட்டேன். புகாருக்கு எதிரே, 'எங்களிடம் தெரியவில்லை', அதாவது எங்கள் மெஷினில் அந்தக் குறை வரவில்லை, என்று ஒரு முத்திரை இருக்கும். அதைக் குத்தி மூடினேன்.

எங்கள் ஆபீஸில் இந்த முத்திரைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு டெஸ்டரின் புகார் இப்படி மூடப்பட்டால் அது அவர் பெயருக்கு எதிரே ஒரு எண்ணாக ஏறும். யாரும் அதைத் திட்டமிட்டு வைக்கவில்லை, வாங்கிய மென்பொருளிலேயே அது இருந்தது. ஆனால் எண் என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் மனிதன் அதைப் பார்க்காமல் இருப்பானா? நாங்களும் பார்த்தோம்.

அடுத்த வாரம் அதே புகார். இந்தத் தடவை, 'ஆபீஸிலேயே உட்கார்ந்து விளையாடினேன், பஸ்ஸில் இல்லை' என்று சேர்த்து எழுதியிருந்தார். எனக்கு எரிச்சல் வந்தது. பாய்ச்சலுக்கு நான் வைத்த வேகம், பள்ளத்துக்கு வைத்த தூரம் எல்லாம் கணக்குப் போட்டு வைத்தவை. அதில் இந்தம்மா வந்து ஓட்டை சொல்வதா? மறுபடி என் கம்ப்யூட்டரில் பார்த்தேன். மறுபடி முத்திரை.

மூன்றாவது தடவை அவர் ஆதாரத்தோடு வந்தார். தன் போனின் திரையைப் பதிவு செய்த வீடியோ. அதில் தெளிவாகத் தெரிந்தது. ராணி பாய்கிறாள், கேமரா பின்னால் திணறிக்கொண்டு வருகிறது, அவள் வலது ஓரத்தை நெருங்கி, முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே விழுகிறாள்.

"இப்ப இன்னா சொல்ற?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, திரையப் பதிவு பண்ணும்போது போன் ரெண்டு வேலை செய்யுது. திணறத்தான் செய்யும். இது ஆட்டத்தோட குறை இல்ல, உங்க ரெக்கார்டரோட குறை."

பாருங்கள், நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பதிவு செய்தால் பழைய போன் திணறும். ஆனால் போன் திணறினால் கேமரா ஏன் பின்தங்க வேண்டும் என்று ஒரு விநாடி யோசித்திருந்தால், விடை என் வாயிலேயே இருந்தது. நான் வாயை யோசிப்பதற்குப் பயன்படுத்தியதில்லை.

"பதிவு பண்ணாமலும் வருதுப்பா. சூடாச்சுன்னா வருது. என் கண்ணால பாக்குறேன்."

"அப்ப கண்ணச் செக் பண்ணுங்கக்கா" என்றேன்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ரயான் தலையைக் குனிந்துகொண்டான். பெர்னா அக்கா போனை எடுத்துக்கொண்டு தன் நாற்காலிக்குப் போனார். ஒன்பது வருஷம் லென்ஸில் கண்ணை வைத்துச் சோறு சாப்பிட்டவரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. மூன்றாவது முத்திரையையும் குத்திவிட்டு, கீழே பேக்கரியில் போய்த் தேங்காய்ப்பூரணம் வைத்த தில்பசந்த் தின்றேன்.

அந்த மாசக் கடைசியில் சுனில் என்னைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். கேமை வெளியிடப்போகிற கம்பெனி, ஆள் குறைக்கச் சொல்லிவிட்டதாம். இரண்டு டெஸ்டர் வேண்டாம், ஒருவர் போதும்.

"குரு, நீனே ஹேளு, நீயே சொல்லு. யாரோட ரிப்போர்ட்ட நம்பலாம்?" சுனிலுக்கு மைசூர் பக்கம். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார்.

எதிரே திரையில் அந்த எண்கள் இருந்தன. ரயான் பெயருக்கு எதிரே பூஜ்யம். பெர்னதெத் பெயருக்கு எதிரே மூன்று. அந்த மூன்றையும் குத்தியவன் நான். அதைச் சொன்னேனா? இல்லை.

"ரயான் எழுதுனா குறை இருக்கும். அக்கா எழுதுறது கொஞ்சம்… அவங்களுக்கு மட்டும்தான் தெரியும்" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு ஆளின் பிழைப்பை முடிக்க அவ்வளவு சின்ன வாக்கியம் போதுமாக இருந்தது.

கடைசி நாளில் பெர்னா அக்கா ஆபீஸ் போன்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, சார்ஜரைச் சுற்றி, டப்பாவில் அடுக்கி ரயானிடம் கொடுத்தார். என் இடத்துக்கு வந்தார். சண்டை போடுவார் என்று நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"இளங்கோ, அந்தக் கேமராவ மட்டும் ஒருக்கா பாத்துடுப்பா. எனக்காவ இல்ல. அந்தப் பொண்ணு பாவம், எதுக்கு விழுறோம்னே தெரியாம விழுது."

"பாக்குறேன்கா" என்றேன். பார்க்கவில்லை.

ஆறு வாரம் கழித்து, கேமை வெளியிடும் கம்பெனிக்காரர்கள் ஓசூர், கோலார், வேலூர் என்று முப்பது பேருக்கு ஆட்டத்தைக் கொடுத்து விளையாடச் சொன்னார்கள். எல்லாம் சாதாரண ஜனங்கள், அவரவர் சொந்தப் போன். வந்த கருத்துகளை சுனில் பெரிய திரையில் போட்டு ஒவ்வொன்றாகப் படித்தார். கோலாரிலிருந்து ஒரு தையல்காரர் எழுதியிருந்தார். 'பத்து நிமிஷம் நன்றாக இருக்கிறது. பிறகு அந்தப் பெண் ஓரத்துக்குப் போய்விடுகிறாள். முன்னால் இருக்கும் பள்ளம் தெரியவில்லை.' அடுத்தது ஒரு காலேஜ் பெண். அதே விஷயம். அடுத்தது, அதற்கடுத்தது. முப்பதில் பத்தொன்பது பேர்.

ரயான் மெதுவாகச் சொன்னான்.

"பெர்னா அக்கா எழுதுனதுதான, ப்ரோ?"

"உனக்கும் தெரிஞ்சுதா?"

"ஒருதடவ வந்துச்சு."

"அப்ப ஏன்டா எழுதல?"

அவன் சொல்ல வேண்டியதே இல்லை. எழுதினால் நான் கத்துவேன். எழுதாததால்தான் அவன் பெயருக்கு எதிரே பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை வைத்துத்தான் அவனை நம்பலாம் என்றேன். நான் எவ்வளவு பெரிய அறிவாளி பாருங்கள்.

இடத்துக்கு வந்து ஒரே ஒரு வரி சேர்த்தேன். சூடான பழைய போன் மாதிரியே என் கம்ப்யூட்டரும் விநாடிக்கு முப்பது படத்துக்கு மேல் வரையக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு. அழுத்தினேன், ராணி ஓடினாள். பாய்ச்சல் பட்டனைத் தட்டினேன். அவள் அப்படியே வலது ஓரத்துக்குப் போனாள். கேமரா பின்னால் திணறியது. பள்ளம் தெரியவில்லை. விழுந்தாள். என் கண் முன்னால், என் மெஷினில்.

விஷயம் இவ்வளவுதான். ஒவ்வொரு படம் வரையும்போதும், ராணிக்கும் கேமராவுக்கும் நடுவில் மீதியிருக்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு நகரு என்று கேமராவுக்கு எழுதியிருந்தேன். எவ்வளவு நேரம் போயிற்று என்று நான் கேட்கவே இல்லை, எத்தனை படம் என்பதைத்தான் எண்ணினேன். என் மானிட்டர் நல்ல விலை மானிட்டர், விநாடிக்கு நூற்று நாற்பத்து நாலு படம் வரையும். கேமரா அத்தனை தடவை எட்டு வைக்கும், ராணியைப் பிடித்துவிடும். சாதாரணப் போன் அறுபது வரையும். கொஞ்சம் பின்தங்கும், சமாளிக்கலாம். ஆனால் பழைய போன் பத்து நிமிஷத்தில் சூடாகிவிடும். சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், படம் முப்பதுக்கு இறங்கும். ராணியின் ஓட்டம் நேரத்தைப் பார்த்து ஓடுவதால் அவள் அதே வேகத்தில்தான் போவாள். கேமரா வைக்கும் எட்டுகள் மட்டும் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். என்னிடம் ஒரு சாண் பின்தங்கினால் அந்தப் போனில் ஐந்து சாண்.

சொந்தப் போன். பத்து நிமிஷம். சூடானால். மூன்றையும் அவரே சொல்லியிருந்தார். ஜன்னல் பக்கம் வெயில்பட உட்கார்ந்து விளையாடியவருக்கு முதலில் தெரிந்ததில் என்ன ஆச்சரியம்? இதைக் கற்றுக்கொடுக்கிற எந்தப் பாடத்திலும் முதல் வாரத்திலேயே எச்சரிக்கிற தப்பு இது. பதினோரு வருஷ அனுபவக்காரன் நான்.

கழிந்த நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு நகரும்படி மாற்றி எழுதினேன். ஓடுகிற திசையில் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பார்க்கும்படியும் வைத்தேன். இருபது நிமிஷ வேலை. சத்தியமாக, இருபதே நிமிஷம்.

அவருடைய பழைய புகாரைத் தேடி எடுத்துத் திறந்தேன். திறந்தால் எழுதியவருக்குத் தானாக ஒரு மெயில் போகும், 'உங்கள் புகார் மறுபடி திறக்கப்பட்டது' என்று. போனது. அடுத்த நிமிஷமே திரும்பி வந்தது. அப்படி ஒரு முகவரி இல்லை என்றது. ஆறு வாரத்துக்கு முன்னால் நாங்கள்தானே அழித்தோம்.

சுனிலிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மூன்று முத்திரையும் தப்பு, குத்தியது நான், அந்த அறையில் சொன்னதும் தப்பு என்றேன். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை.

"சரி மாராயா. இப்ப என்ன பண்ணோது? இடம் இல்ல. கம்பெனிக்காரங்க கொறச்சா கொறச்சதுதான்."

"என் இடத்தக் கொடுங்க."

"டிராமா பேடா, வேணாம்" என்றார். உண்மைதான், அது வெறும் டிராமா. கொடுக்க மாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை சிவாஜிநகர் போனேன். பெர்னா அக்கா எங்கே இருக்கிறார் என்று ரயான்தான் சொன்னான். அவரது கணவரின் அண்ணன் ஓஸ்வால்ட் வைத்திருக்கும் துணிக்கடை. பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, கறிக்கடைச் சந்தைக் கடந்து, ஒரு குறுகலான கட்டடத்தில் கீழ்த்தளம். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், யூனிஃபார்ம் துணிக்குக் கூட்டம் நெரிந்தது. விசிறி ஓடியும் உள்ளே புழுக்கம். பெர்னா அக்கா மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டு துணி அளந்துகொண்டிருந்தார். நின்றுகொண்டு. மூக்கில் ஒரு புதுக் கண்ணாடி.

"அடடே, இன்னாப்பா இந்தப் பக்கம்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"அக்கா, நீங்க சொன்னதுதான் சரி. கேமரா பின்தங்குச்சு. தப்பு என்னோடது" என்றேன். கூட்டத்தில் யாரோ என் முழங்கையை இடித்தார்கள்.

அவர் அளக்கும் கோலைக் கீழே வைத்தார். "பாத்துட்டியா? எப்படி வந்துச்சு?"

எதற்காக என்று கேட்கவில்லை, எப்படி என்று கேட்டார். விளக்கினேன். மானிட்டர், சூடு, முப்பது படம், எல்லாம். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "அதான பாத்தேன். காலையில முத ஆட்டம் நல்லாத்தான் போவும், ரெண்டாவதுலதான் இழுக்கும்" என்றபோது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே போய்விட்டது.

"சுனில்கிட்ட சொன்னேன்கா. இப்போதைக்கு இடம் இல்லங்குறார். வந்ததும் முதல்ல உங்களத்தான்—"

"வேணாம்பா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "பாத்தத பாத்தேன்னு நிரூபிக்கிறதுக்கே எனக்கு அங்க பாதி நாள் போச்சு. இங்க ரெண்டு மீட்டர்னு சொன்னா ரெண்டு மீட்டர்தான்னு ஒத்துக்குறாங்க."

தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது. பையிலிருந்து என் போனை எடுத்தேன். "சரி பண்ணிட்டேன்கா. ஒருதடவ விளையாடிப் பாருங்க" என்றேன். மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும் சபாஷ் வாங்கப் பார்த்தேன் போலிருக்கிறது.

"உன் போன்ல எதுக்கு? என் போன்ல போடு" என்று இடுப்பில் செருகியிருந்த தன் பழைய போனை நீட்டினார்.

ஏற்றிக் கொடுத்தேன். ஓஸ்வால்டைக் கூப்பிட்டு, "மச்சான், சொல்ப நேரம் இவங்கள பாருங்க" என்று மேஜையை ஒப்படைத்துவிட்டு, துணிக் கட்டின் மேல் சாய்ந்துகொண்டு விளையாடினார். பத்து நிமிஷம் ஆகட்டும் என்றார். நாங்கள் இருவரும் காத்திருந்தோம். ராணி ஓடினாள், தாவினாள், கொடிகளுக்கு அடியில் சறுக்கினாள். போனின் முதுகைத் தொட்டுப் பார்த்தேன், இட்லிக் கொப்பரை மூடியாகக் கொதித்தது. பெர்னா அக்கா பாய்ச்சல் பட்டனைத் தட்டினார். ராணி பாய்ந்தாள். கேமரா அவளுக்கு முன்னால் போய் நின்றது. பள்ளம் தெரிந்தது, தாண்டினாள்.

"பின்தங்கலப்பா. சூப்பர்" என்றார்.

அவர் நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு மாடி ஓடவிட்டார். நெற்றியைச் சுருக்கினார்.

"ஆனா நடுங்குது."

என் வாய் திறந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், தானாகத் திறந்தது. என் மெஷினில் அப்படி இல்லையே என்று நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. அவர் என் வாயைப் பார்த்தார். பார்த்த உடனே அவசரமாகச் சொன்னார்.

"கண்ணாடி போட்டுக்கினுதான்பா பாக்குறேன்."

எனக்குப் புரியவில்லை. அவர் தன் மூக்கிலிருந்த கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார்.

"நீ சொன்ன அன்னிக்கே போனேன். டாக்டர் நல்லாப் பாத்துட்டு, கண்ணுல ஒண்ணும் இல்லம்மான்னுட்டாரு. எனக்கு மனசு ஆறல. இவ்ளோ படிச்சவன் சொல்றானே, நமக்குத்தான் ஏதோ தப்பாத் தெரியுதுன்னு ஒரு கண்ணாடிக் கடைக்குப் போய் இத வாங்கிக்கினேன். பவர் பூஜ்யம். சும்மா கம்ப்யூட்டருக்குப் போடுறது." சிரித்தார். "வீட்டுல இத போட்டுக்கினு ஆடிப் பாத்தேன், அப்பவும் நடுங்குச்சு. சரி, நம்மளாலதான் ஆவலன்னு விட்டுட்டேன்."

கடையில் யாரோ காக்கித் துணி இரண்டு மீட்டர் கேட்டார்கள். ஓஸ்வால்ட் கிழிக்கும் சத்தம் கேட்டது. பெர்னா அக்கா கண்ணாடியைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்தார். வெறும் கண்ணால் மறுபடி ராணியை ஓடவிட்டார். ஒரு மாடி முழுக்கப் பார்த்தார். என்னிடம் அனுமதி கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"கழட்டுனாலும் நடுங்குதுப்பா."

போனை வாங்கிப் பார்த்தேன். நடுங்கியது. ராணியின் உடம்பு, ஓடும்போது, விநாடிக்குப் பத்துத் தடவை ஒரு மயிரிழை பின்னால் இழுபட்டு முன்னால் வந்தது. பார்த்த மாத்திரத்தில் காரணம் தெரிந்தது. ராணியை நகர்த்துகிற கணக்கு விநாடிக்கு ஐம்பது தடவை நடக்கிறது. கேமராவோ படத்துக்குப் படம் நகர்கிறது. அறுபதானாலும் முப்பதானாலும் அது ஐம்பதோடு சேராது. சில படத்தில் அவள் கூட ஓர் எட்டு வைக்கிறாள், சிலதில் ஓர் எட்டு குறைகிறது, கேமரா மட்டும் ஒரே சீராகப் போகிறது. இரண்டு எட்டுக்கும் நடுவில் அவள் எங்கே இருப்பாள் என்று கணித்து வரையச் சொல்லும் ஒரு சின்னக் கட்டத்தை நான் டிக் செய்யாமல் விட்டிருந்தேன். என் நல்ல விலை மானிட்டரில் அந்த நடுக்கம் கண்ணுக்கு எட்டாத வேகத்தில் கலந்து, லேசான மங்கலாகத்தான் தெரியும். அதை நான் வேகத்தின் அழகு என்று நினைத்து ரசித்துக்கொண்டிருந்தேன்.

முதல் புகாரின் கடைசி வரியில் இருந்தது இது. 'தவிர, எல்லா போன்களிலும் ஓடும்போது ராணி லேசாக நடுங்குகிறாள்.' அந்த வரி வரை நான் படித்ததே இல்லை.

பெர்னா அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வாரம், மூன்று முத்திரை, ஒரு வேலை, ஒரு பூஜ்யக் கண்ணாடி எல்லாம் ஆன பிறகும், தன் கண்ணைத் தானே நம்பலாமா என்று என்னிடம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"உனக்குத் தெரியுதா?" என்றார்.

"தெரியுதுக்கா. நடுங்குது" என்றேன்.

"நிஜமாவா? எனக்காவச் சொல்லாத."

"நிஜமா நடுங்குதுக்கா. முதல் நாள்லருந்தே நடுங்கியிருக்கு."

ஒரு நீளமான மூச்சு விட்டார். கண்ணாடியை எடுத்து, போட்டுக்கொள்ளாமல், கல்லா டிராயரைத் திறந்து உள்ளே போட்டு மூடினார். போனை இடுப்பில் செருகிக்கொண்டு, அளக்கும் கோலைக் கையில் எடுத்தார்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, வரிசையில் நின்ற அம்மாவிடம் திரும்பினார். "உங்களுக்கு எத்தினி மீட்டர்மா?"